சொந்தபந்தங்களின் போனிலிருந்து அசல் வீடியோவை வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாந்தி, கல்யாணம், புதுமை என்று வீட்டு விசேஷம் எதுவானாலும் நாற்பது பேர் போனில் பிடிக்கிறார்கள். அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தொகுக்க உட்காரும்போதுதான் சந்தேகங்கள் வரும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள், கேட்டவர்கள் கேட்டபடியே கீழே இருக்கின்றன.

வாட்ஸ்அப்ல வந்த வீடியோ என் போன்ல நல்லாத்தானே தெரியுது, அதுல என்ன குறை?

போன் திரை ஆறு அங்குலம். அதில் குறை தெரியாது. அதே வீடியோவை டிவியில் ஓட்டினாலோ, எடிட்டர் அதை லேசாகப் பெரிதாக்கினாலோ வெளியே வந்துவிடும். வாட்ஸ்அப்பில் கேலரியிலிருந்து சாதாரணமாக அனுப்பும்போது, அனுப்புகிறவர் போனே வீடியோவை மறுபடி சுருக்கி எழுதிவிட்டுத்தான் வெளியே விடுகிறது. 1920×1080 அளவில் எடுத்தது ஏறக்குறைய 848×480 ஆகிறது. ஒரு நிமிடத்துக்கு நூறு எம்பிக்கு மேல் இருந்த ஃபைல் பத்து எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. எடுத்து எறிந்த விவரத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

எங்கே அடிபடும் என்றால், நுணுக்கமும் அசைவும் சேர்ந்த இடத்தில். கழுத்திருவின் உருக்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே மஞ்சள் பட்டையாகிவிடும். ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலை, ஆள் நடக்கும்போதெல்லாம் சதுரம் சதுரமாகக் கரையும். வளவின் நடுவே வெயில், சுற்றுப்பத்தியில் நிழல் என்று வெளிச்சம் மாறி மாறி இருக்கும் வீடுகளில் நிழல் பகுதி முழுக்கச் சேறாகும். நாதஸ்வரமும் தப்பாது, ஒலியும் சேர்ந்தே சுருக்கப்படுகிறது.

அனுப்புறப்ப HDன்னு ஒரு பொத்தான் இருக்கே, அதை அழுத்துனா போதாதா?

சும்மா அனுப்புவதைவிட மேல், ஆனால் அசல் இல்லை. 2023-இல் அந்த வசதி வந்தபோது வீடியோவுக்கு அதன் அளவு 720 வரிசைதான். 1080-இலோ 4கே-யிலோ எடுத்தது அப்போதும் சுருங்கித்தான் போகும். குடும்பக் குழுவில் எல்லோரும் பார்க்க அது போதும். தொகுப்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் அதை நம்ப வேண்டாம்.

அப்ப வாட்ஸ்அப்லயே அசலை அனுப்ப வழியே இல்லையா?

இருக்கிறது. வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் உரையாடலுக்குள் போய் இணைப்புக் குறியைத் தொட்டு, `Gallery` என்பதை விட்டுவிட்டு `Document` என்பதைத் தொட வேண்டும். அங்கே கேலரியிலிருந்து எடுக்க ஒரு வரி இருந்தால் அதைத் தொட்டு வீடியோவைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் ஃபைல்களைத் தேடும் வரிக்குள் போய் `DCIM`, பிறகு `Camera` என்ற ஃபோல்டரைத் திறக்க வேண்டும். ஐபோனிலும் அதே `Document` தான், அதற்குள் படம் அல்லது வீடியோவைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. பழைய பதிப்பில் அது இல்லாவிட்டால் வீடியோவை முதலில் `Save to Files` கொடுத்து வைத்துக்கொண்டு அங்கிருந்து இணைக்கலாம். ஒரு ஃபைல் 2 ஜிபி வரை போகும்.

சரியாக அனுப்பினார்களா என்பது வந்து சேரும்போதே தெரியும். ஆவணமாக வந்தால் ஃபைலின் பெயரும் அளவும் எழுத்தில் இருக்கும். முக்கோண ஓட்டுக்குறியோடு படமாக வந்திருந்தால் பழையபடி சுருங்கித்தான் வந்திருக்கிறது.

இரண்டு இடத்தில் இது தடுக்கும். பெரிய ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போது திரையை அணைத்துப் பையில் போட்டுவிட்டால், பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று சில போன்கள் பாதியில் நிறுத்திவிடும். அடுத்தது வாங்குகிறவர் பக்கம்: ஆவணமாக வந்தது பல போன்களில் கேலரியில் தெரியாது. "வரவே இல்லை" என்று சொல்வதற்கு முன் ஃபைல் மேலாளரில் `WhatsApp Documents` என்ற ஃபோல்டரைப் பாருங்கள். வந்ததை அன்றன்றே இறக்கியும் விடுங்கள். ஒரு மாதம் கழித்துத் தொட்டால், மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்றுதான் வரும்.

எங்க அப்பத்தாவுக்கும் அயித்தைக்கும் இதெல்லாம் சொன்னாப் புரியாது. அவங்கட்ட எப்படி வாங்குறது?

அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். குழுவில் நீளமான விளக்கம் போட்டால் பத்துப் பேர் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, பழையபடியே கேலரியிலிருந்து அனுப்புவார்கள். அந்த வீட்டில் போன் பழகிய பேரனோ பேத்தியோ ஒருவர் இருப்பார். ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்து, அவர்கள் வீட்டுப் போன்கள் எல்லாவற்றுக்கும் அவரையே பொறுப்பாக்குவதுதான் நடைமுறையில் நடக்கிறது.

அவருக்கு அனுப்பும் செய்தியும் நாலு வரியைத் தாண்டக் கூடாது. இப்படி: "ஆச்சி போனில் ஞாயிற்றுக்கிழமை எடுத்த வீடியோ எல்லாம் வேண்டும். பிளஸ் குறி, `Document`, அதற்குள் கேலரி. எதையும் வெட்ட வேண்டாம், பெயர் மாற்ற வேண்டாம். அனுப்பி முடித்ததும் மொத்தம் எத்தனை என்று எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள்." ஆண்ட்ராய்டுக்காரர் என்றால் பிளஸ் குறிக்குப் பதிலாக இணைப்புக் குறி என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வரி முக்கியம். எண்ணிக்கை கையில் இருந்தால்தான் இரண்டு வராமல் போனது தெரியும்.

விசேஷம் முடிஞ்ச மறுநாளே பாதிப் பேரு பல்லவன்ல கிளம்பிடுவாங்க. அதுக்குள்ள வாங்கிட முடியுமா?

முடியும். இருக்கிற வழிகளிலேயே நல்லதும் இதுதான். ஆள் வளவில் இருக்கும்போது கேபிளில் எடுத்துவிட்டால் இணையமும் வேண்டாம், சுருக்கமும் இல்லை, பின்னால் கெஞ்சலும் இல்லை. ஊருக்குப் போனவர்களிடம் வாங்க மூன்று வாரம் ஆகும். அதில் சிலர் இடம் போதவில்லை என்று அழித்தும் இருப்பார்கள்.

பந்தி நடக்கும் நேரத்தைப் பயன்படுத்துங்கள். சாப்பாடு நடக்கும் கட்டுக்குப் போகிற வழியில், பட்டாலையிலோ சுற்றுப்பத்தியிலோ ஒரு மேசை, ஒரு லேப்டாப், அருகில் மின்செருகி. சி வகைக் கேபிள் இரண்டு, பழைய மைக்ரோ வகை ஒன்று, ஐபோனின் லைட்னிங் ஒன்று. கேபிள் வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும்: சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் போன் லேப்டாப்பில் தெரியவே தெரியாது. அது கெட்டுப்போன கேபிள் இல்லை, உள்ளே தரவுக்கான கம்பியே கிடையாது.

ஆண்ட்ராய்டைச் செருகியதும் போன் சார்ஜ் மட்டும் ஏற்றும். மேலிருந்து அறிவிப்பை இழுத்து, `File transfer` என்று மாற்றினால்தான் லேப்டாப்பில் திறக்கும். `DCIM`, `Camera`, அன்றைய தேதி வீடியோக்கள், அவ்வளவுதான். போனுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும், அவரே பூட்டைத் திறக்கட்டும். விசேஷ நாள் ஃபைல்களைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். அடுத்தவர் போனைக் குடைகிறார்கள் என்று ஒருமுறை பேச்சு வந்துவிட்டால் அதன்பிறகு யாரும் மேசைப் பக்கம் வரமாட்டார்கள். லேப்டாப்பில் ஆளுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, ஊர், பெயர் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஃபைலின் பெயரை மட்டும் அப்படியே விடுங்கள். காரணம் கீழே நேரம் பற்றிய கேள்வியில் வரும்.

கம்பியில்லாமல் எடுக்க வேண்டுமானால் ஆண்ட்ராய்டுகளுக்குள் `Quick Share`, ஐபோன்களுக்குள் `AirDrop`. இரண்டு வகையும் கலந்திருந்தால் `LocalSend` என்ற இலவசச் செயலி இரண்டிலும் லேப்டாப்பிலும் ஓடும். அதற்கு எல்லாம் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். இதில் நம்மூர் வீட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: முகப்பில் வைத்த வைஃபை, அந்தச் சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வந்து சேராது. மேசையிலேயே ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு எல்லாரையும் அதில் சேர்ப்பது எளிது. ஒரே அறைக்குள் போகிற ஃபைலுக்கு இணைய டேட்டா செலவாகாது. முன்பு எல்லோரும் வைத்திருந்த ஷேர்இட், ஸெண்டர் இரண்டும் 2020-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை, அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு இடம் வேணும்? 32 ஜிபி பென்டிரைவ் போதுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேவகோட்டையில் ஒரு சாந்தி. 35 பேர் எடுக்கிறார்கள். ஆளுக்குத் துண்டு துண்டாகச் சேர்த்து 6 நிமிடம் என்றால் 210 நிமிடம். 1080-இல் எடுத்த வீடியோ, போனையும் அமைப்பையும் பொறுத்து நிமிடத்துக்கு 60-இலிருந்து 130 எம்பி வரை இருக்கும். நூறு என்று வைத்தால் 21,000 எம்பி, அதாவது 21 ஜிபி. இதில் நாலு பேர் 4கே-யில் எடுத்திருந்தால் அவர்கள் பங்கு மட்டும் ஏறிவிடும்: ஐபோனில் 4கே நொடிக்கு 30 சட்டம் என்றால் நிமிடத்துக்கு 170 எம்பி, 60 சட்டம் என்றால் 400 எம்பி.

ஆக 32 ஜிபி விளிம்பில் நிற்கும். 128 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு லேப்டாப்பில் ஒரு பிரதி, வெளியே ஒரு பிரதி என்று இரண்டு இடத்தில் இருக்கட்டும். நேரக் கணக்கும் பயப்படும்படி இல்லை. ஒருவருடைய 600 எம்பி சாதாரணக் கேபிளில் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். பூட்டைத் திறந்து, தேதி பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். 35 பேருக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம், இரண்டு லேப்டாப் என்றால் அதில் பாதி.

பென்டிரைவ்ல நிறைய இடம் இருந்தும் ஒரு வீடியோ மட்டும் ஏறமாட்டேங்குது, ஏன்?

அந்த வீடியோ 4 ஜிபிக்கு மேல் இருக்கும், பென்டிரைவ் `FAT32` வடிவத்தில் இருக்கும். அந்த வடிவத்தில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. திருப்பூட்டுச் சடங்கை முழுக்க ஒரே ஓட்டமாக 4கே-யில் எடுத்தவரிடம்தான் இது வரும். பென்டிரைவை `exFAT` வடிவத்தில் புதிதாக அமைத்தால் சரியாகும். ஆனால் அப்படி அமைக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆகவே விசேஷத்துக்கு முதல் நாளே செய்து வைத்துவிடுங்கள்.

ஐபோனைச் செருகுனா பாதி வீடியோ காணோம், இருக்கிறதும் காப்பி ஆகுறப்ப நின்னுடுது. என்ன பண்றது?

இவை இரண்டு தனித்தனிக் கோளாறு. காணாமல் போனவை ஐக்ளவுடில் இருக்கின்றன. `Optimise iPhone Storage` போட்டிருந்தால் போனில் சின்னப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு அசலை மேலே ஏற்றிவிடும். கேபிளில் இழுத்தால் போனில் இல்லாதது எப்படி வரும்? வைஃபையில் அந்த வீடியோவைப் போனிலேயே திறந்து, முழுதும் இறங்கும்வரை விட்டு, பிறகு `Save to Files` கொடுத்துக்கொண்டால் கையில் கிடைக்கும். நேரமில்லை என்றால் பகிரும் இடத்தில் `Copy iCloud Link` எடுத்து அனுப்பச் சொல்லலாம். அந்த இணைப்பு 30 நாள்தான் உயிரோடு இருக்கும்.

பாதியில் நிற்பதற்குக் காரணம் வேறு. ஐபோன் தன் வீடியோவை விண்டோஸுக்குக் கொடுக்கும்போது பொதுவான வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே கொடுக்கப் பார்க்கிறது. அதில் தடுக்கி, `A device attached to the system is not functioning` என்று லேப்டாப்பில் வரும். ஐபோனின் அமைப்புகளில் போட்டோஸ் பக்கத்துக்குப் போய், கடைசியில் `Transfer to Mac or PC` என்ற இடத்தில் `Keep Originals` என்று மாற்றுங்கள். நிற்பதும் போகும், மாற்றாத அசலும் வரும்.

மலேசியா, சிங்கப்பூர்ல இருக்கிறவங்க போயிட்டாங்க. அவங்களுக்கு டிரைவ்ல ஃபோல்டர் திறந்து லிங்க் கொடுத்தாப் போதுமா?

ஃபோல்டரில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் ஃபோல்டருக்குள் அவர் போட்டாலும், இடம் கழிவது அவருடைய கணக்கில்தான். கூகுள் இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி. அது பாதிப் பேருக்கு மெயிலும் படங்களுமாக ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அவர் ஏற்றப் பார்ப்பார், இடமில்லை என்று வரும், உங்களிடம் சொல்லச் சங்கடப்பட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். தவிர, ஃபோல்டரில் திருத்தும் உரிமை கொடுத்தால் யாரோ ஒருவர் மற்றவர் போட்டதைத் தெரியாமல் இடம் மாற்றிவிடவும் கூடும்.

கூகுள் ஃபார்ம் இதற்கு மேல். ஒரு புதிய ஃபார்மில் `File upload` வகைக் கேள்வி ஒன்று போடுங்கள். ஒரு தடவையில் 10 ஃபைல், ஒரு ஃபைல் 10 ஜிபி என்று உச்சத்தில் வையுங்கள். இதில் இடம் உங்கள் கணக்கில் கழியும். அனுப்பியவர் பெயர் ஒவ்வொரு ஃபைலின் பெயரோடும் தானே ஒட்டிக்கொள்ளும். யாரும் யாருடையதையும் பார்க்க முடியாது. தவறவிடக் கூடாத ஒன்று: மொத்தம் 1 ஜிபி வரைதான் வாங்குவேன் என்று ஃபார்ம் முதலில் நிற்கும். கேள்விக்குக் கீழேயே அந்த வரி இருக்கும், பக்கத்தில் `Change`. அதை மாற்றாமல் விட்டால் முதல் இரண்டு மூன்று பேரோடு கதவு மூடிவிடும். உங்கள் கணக்கிலும் 21 ஜிபிக்கு இடம் வேண்டும், அதனால் அந்த மாதத்துக்கு மட்டும் 100 ஜிபி திட்டத்தை வாங்கிக்கொண்டு, இறக்கி முடித்ததும் நிறுத்திவிடலாம்.

ஃபார்முக்கு அனுப்புகிறவரிடம் கூகுள் கணக்கு கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாதவருக்கு டிராப்பாக்ஸின் `File request` இருக்கிறது, அதில் அனுப்புகிறவருக்குக் கணக்கே தேவையில்லை. ஆனால் இலவச டிராப்பாக்ஸில் மொத்த இடமே 2 ஜிபிதான். நாலைந்து பேருக்கு மட்டும் என்றால் வாங்கியதை இறக்கி இறக்கி அழித்துச் சமாளிக்கலாம்.

ஐபோன்காரர்கள் இணையப் பக்கம் வழியாக நேரடியாகக் கேலரியைத் தொட்டு ஏற்றினால், அங்கேயும் ஒரு மாற்றம் நடக்கலாம். முந்தைய பதிலில் சொன்ன `Save to Files` வழியாகப் போய், ஏற்றும்போது ஃபைல்களிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

டிரைவ்ல போட்டு ஓட்டிப் பார்த்தா மங்கலா இருக்கு. அங்கயும் சுருக்குதா?

இல்லை. டிரைவ் உள்ளே வைத்திருப்பது அசல், உலாவியில் ஓட்டிக் காட்டுவது அதன் சின்னப் பிரதி. புதிதாக ஏற்றிய வீடியோவுக்கு அந்தப் பிரதியும் முதலில் மங்கலாகவே வரும். இறக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முழு ஃபோல்டரையும் சேர்த்து இறக்கினால் அது ஏறக்குறைய 2 ஜிபி அளவுள்ள பல ஸிப்களாகப் பிரிந்து வரும், பெரிய வீடியோக்கள் சில ஸிப்புக்கு வெளியே தனியாக வந்து விழும். ஸிப்பை மட்டும் விரித்துவிட்டு, தனியாக வந்ததை மறந்தவர்கள் அதிகம். எல்லாம் விரித்த பிறகு டிரைவில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப் பாருங்கள்.

கூகுள் போட்டோஸ்ல ஒரு ஆல்பம் போட்டு எல்லாரையும் சேர்த்துட்டா வேலை முடியாதா?

பார்ப்பதற்கு அதைப்போல வசதி இல்லை. வாங்குவதற்கு அது சூதாட்டம். ஒவ்வொருவர் போனிலும் காப்புத் தரம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது `Original quality`யில் இருந்தால் அசல் ஏறும், `Storage saver`இல் இருந்தால் சுருங்கியது ஏறும், 4கே எல்லாம் 1080 ஆகிவிடும். யார் எதில் வைத்திருக்கிறார்கள் என்று ஆல்பத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது.

வந்தது அசல்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாரும் அசல்தான்னு சொல்றாங்க.

முதலில் பெயரைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கும். `20250209_091530.mp4` என்பது சாம்சங் கேமரா வைக்கிற பெயர். `PXL_` என்று தொடங்கினால் கூகுள் பிக்ஸல். ஐபோன் கேமரா `IMG_4127.MOV` என்று வைக்கும். ஐபோனிலிருந்து `.MOV` இல்லாமல் `.MP4` என்று வந்தால், அது வேறு செயலியில் இறங்கிச் சேமித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். `VID-20250209-WA0012.mp4` என்ற பெயரில் உள்ள `WA` வாட்ஸ்அப்பின் முத்திரை. அதை ஆவணமாகவே அனுப்பியிருந்தாலும் பயனில்லை. தங்கை அனுப்பியதை அண்ணன் கேலரியில் வைத்திருந்து, அதை வெகு கவனமாக `Document` வழியாக உங்களுக்கு அனுப்பியிருப்பார். சுருங்கியது சுருங்கியபடியே பத்திரமாக வந்து சேரும். `DOC-` என்று தொடங்கி `WA` வந்தால் மட்டும் அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள், பெயர் தொலைந்த ஆவணத்துக்கு வாட்ஸ்அப் வைக்கிற பெயர் அது.

அடுத்தது அளவு. ஒரே காட்சியின் இரண்டு ஃபைலை வைத்துப் பார்ப்போம். இரண்டும் 52 வினாடி. சாம்சங் பெயர் கொண்டது 1920×1080, 110 எம்பி. `WA` பெயர் கொண்டது 848×478, 8 எம்பி. எம்பியை எட்டால் பெருக்கி வினாடியால் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்று வரும்: முதலாவது 17, இரண்டாவது 1.2. கேமராவிலிருந்து வந்த 1080 வீடியோ பொதுவாக 8-க்குக் கீழே போகாது. 1080 என்று காட்டிக்கொண்டு 2, 3 என்று நிற்பது எங்கோ ஒரு செயலியில் புகுந்து வந்தது.

இன்னும் சந்தேகம் என்றால் லேப்டாப்பில் `MediaInfo` போட்டுப் பாருங்கள், அல்லது `ffmpeg` இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
ffprobe -hide_banner "20250209_091530.mp4"
```

வரும் வரிகளில் `com.android.version` அல்லது `com.apple.quicktime.model` இருந்தால் கேமரா எழுதிய குறிப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப் சுருக்கும்போது இந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடும்.

அசலை அழிச்சிட்டாங்க, வாட்ஸ்அப்ல வந்ததுதான் மிச்சம். ஏதாவது வழி இருக்கா?

குப்பைத் தொட்டியை முதலில் பாருங்கள். ஐபோனில் `Recently Deleted` குறைந்தது 30 நாள் வைத்திருக்கும். கூகுள் போட்டோஸில் காப்பு எடுத்த வீடியோ குப்பையில் 60 நாள் இருக்கும். சாம்சங் கேலரிக்குத் தனிக் குப்பைத் தொட்டி உண்டு. பாதி நேரம் அங்கேயே கிடைத்துவிடும்.

எங்குமே இல்லை என்றால் இருக்கிற பிரதிகளில் மிகக் குறைவாக அடிபட்டதைத் தேடுங்கள். வாட்ஸ்அப்புக்குள்ளேயே `Forward` செய்தால் அதே ஃபைல்தான் போகிறது, மறுபடி சுருங்குவதில்லை. கேலரியில் சேமித்துவிட்டு அங்கிருந்து புதிதாக அனுப்பினால் இன்னொரு முறை சுருங்கும். ஆகவே எடுத்தவரிடமிருந்து நேரடியாக வாங்கிய முதல் ஆளைக் கண்டுபிடித்து, அவரை `Forward` செய்யச் சொல்லுங்கள். குழுவில் நாலு பிரதி சுற்றினால் அளவில் பெரியதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத்தையும் நேரப்படி அடுக்குனா, மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னாடியே திருப்பூட்டு வருது. ஏன்?

மூன்று கடிகாரங்கள் கலந்துவிட்டன. சாம்சங் பெயரில் உள்ளது போன் காட்டும் நேரம். பிக்ஸல் பெயரில் உள்ளது உலகப் பொது நேரம், நம்முடையதைவிட ஐந்தரை மணி பின்னால். காலை 9:15-க்கு எடுத்தது பெயரில் 0345 என்று இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் நேரத்தைத் தானாக மாற விடாமல் வைத்திருந்தால் அவர் போன் இரண்டரை மணி முன்னால் ஓடும். அதே காட்சி அங்கே 1145. ஃபைல் மேலாளர் காட்டும் 'மாற்றிய தேதி'யோ பல நேரம் நீங்கள் இறக்கிய தேதிதான், அதை நம்பி அடுக்கவே கூடாது.

பெயரை மாற்றாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். எந்தப் போன், எந்தக் கடிகாரம் என்பதைப் பெயர்தான் சொல்கிறது. திருத்துவதற்கு எல்லோரும் பிடித்த ஒரு நொடியைத் தேர்ந்தெடுங்கள். கெட்டிமேளம் தொடங்கும் நொடி நல்ல அடையாளம், ஒலியிலேயே பிடித்துவிடலாம். ஒவ்வொருவர் வீடியோவிலும் அது எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்தால், அந்த ஆளின் போன் எவ்வளவு முன்பின் என்று தெரியும். அவர் ஃபோல்டர் முழுவதற்கும் அந்த ஒரே வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். ஆளுக்கு ஒரு ஃபோல்டர் போட்டதன் பலன் இங்கே கிடைக்கும்.

அசல்தான் வந்துச்சு, ஆனா ஐபோன் வீடியோ மட்டும் லேப்டாப்ல வெளிறித் தெரியுது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. ஐபோன் 12 முதல் வீடியோவை எச்டிஆர் முறையில் எடுக்கின்றன. கூடுதல் வெளிச்ச விவரம் உள்ளே இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளாத மென்பொருளில் வெளிறியோ அளவுக்கு மீறி வெளுத்தோ தெரியும். வேட்டியெல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாக நிற்பதைக் கண்டு, இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒன்றில் போட்டு மாற்றி எடிட்டரிடம் கொடுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் இத்தனை பாடுபட்டு வாங்கிய அசலை நீங்களே சுருக்கிவிட்டீர்கள். வந்த `.MOV` ஃபைலை அப்படியே கொடுத்து, எச்டிஆர் கலந்திருக்கிறது, `Rec.709`க்கு இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சொன்னால் எடிட்டருக்குப் புரியும். விசேஷத்துக்கு முன்பே சொல்ல முடிந்தால், ஐபோன்காரர்கள் கேமரா அமைப்பில் `Record Video` பக்கத்தில் உள்ள `HDR Video`வை அன்றைக்கு மட்டும் அணைத்து வைக்கட்டும்.